பயந்த கூட்டத்துக்கு முன்னாடி ஒரு கலகக்காரன் பேசறப்போ

கேள்வி: "டிஸ்டோபியன் நாவல் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். ஊர்ல தண்ணி மொத்தமும் அரசாங்கம் கையில, கார்டு இருந்தா தான் தண்ணி. ஹீரோ ஆதிரன், முன்னாள் பம்ப் ஆபரேட்டர், தண்ணி குடுக்கற முற்றத்துல பயந்து நிக்கற முந்நூறு பேர் முன்னாடி பேசி அவங்கள எழுப்பணும். 'தோழர்களே, அடிமைச் சங்கிலிகளை உடைத்தெறிவோம்'னு ஆரம்பிச்சு மூணு பக்கம் எழுதிட்டேன். படிச்ச ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கட்சி மீட்டிங் மாதிரி இருக்குங்கறாங்க. இன்னும் பவர்ஃபுல்லா எழுதறது எப்படி?"

பவர் ஏற்கனவே நிறைய இருக்குங்க, அதுல குறை இல்ல, குறை எல்லாம் கூட்டத்துல தான். நான் ரொம்ப வருஷமா நாவல் கையெழுத்துப் பிரதி எடிட் பண்றவன், அதுக்கு முன்னாடி வீதி நாடகம் போட்டிருக்கேன், அந்த ரெண்டையும் வச்சு சொல்றேன். நீங்க எழுதினதுல ஆதிரன் என்ன நினைக்கறான்னு தெரியுது, கண்ணு சிவந்துச்சு, குரல் நடுங்குச்சு, எல்லாம் இருக்கு. அந்த முந்நூறு பேரப் பத்தி இருக்கறது "பயத்தில் உறைந்து நின்றனர்"ங்கற ஒரு வரி, கடைசியில "ஆர்ப்பரித்தனர்"ங்கற இன்னொரு வரி. நடுவுல அவங்களுக்கு என்ன ஆச்சு? உறைஞ்சு நின்னவன் எந்த நிமிஷத்துல, எதக் கேட்டு, எதப் பாத்து மாறினான்? அது இல்லாததால தான் உங்க ஃப்ரெண்ட்ஸுக்கு மீட்டிங் மாதிரி தெரியுது. மீட்டிங்குக்கு வர்றவன் கை தட்டறதுக்குன்னே வர்றவன், அவன மாத்த வேண்டிய வேலையே பேச்சாளருக்கு இல்ல.

முதல்ல முடிவு பண்ண வேண்டியது இந்தக் கூட்டம் யாருக்குப் பயப்படுதுங்கறது. காவலருக்கும் துப்பாக்கிக்கும்னு சொல்லுவீங்க, அதுவும் தான், ஆனா கண்காணிப்பு ஆட்சியில இருக்கறவனுக்கு அதவிடப் பெரிய பயம் பக்கத்துல நிக்கறவன் மேல. இவன் போட்டுக்குடுப்பானோ, நான் மட்டும் வாயத் தொறந்து மாட்டிப்பேனோங்கற பயம். ஆட்சி மோசம்னு முந்நூறு பேருக்கும் தனித்தனியா தெரியும், ஆனா மத்த 299 பேருக்கும் தெரியும்ங்கறது மட்டும் யாருக்கும் உறுதியா தெரியாது. அதனால "ஆட்சி கொடுமையானது"ன்னு ஆதிரன் சொன்னா அது அவங்களுக்கு நியூஸே இல்ல. எல்லாருக்கும் தெரியும்ங்கறத எல்லாரும் கண்ணால பாக்கற மாதிரி பண்றது தான் அவன் பேச்சுக்கு வேலை.

இது கதையில மட்டும் நடக்கற சமாச்சாரம் இல்ல. 1989 டிசம்பர் 21 அன்னிக்கு ருமேனியாவுல சர்வாதிகாரி சௌசெஸ்கு தலைநகர் புக்கரெஸ்ட் நடுவுல பெரிய கூட்டத்தக் கூட்டி பால்கனியில நின்னு பேசினார். கூட்டம் அவரே கூட்டினது, கொடி அவர் கட்சிக் கொடி, டிவியில லைவ். பேச்சு ஓடிட்டிருக்கறப்போ கூட்டத்துல இருந்து ஒரு சத்தம் கிளம்புது, மனுஷன் அப்படியே நிறுத்தி முழிக்கறார், கைய உயர்த்தி அமைதி அமைதிங்கற மாதிரி காட்டறார், அப்புறம் சம்பளத்துல 200 லேய் ஏத்தித் தரேன்ங்கற ரேஞ்சுக்கு இறங்கி வர்றார். மறுநாள் அதே கட்டட மொட்டை மாடியில இருந்து ஹெலிகாப்டர்ல ஓட வேண்டியதாச்சு, 25ஆம் தேதி சுட்டுக் கொன்னாங்க. அந்த முதல் சத்தம் எதுனால வந்துச்சுங்கறதுல இன்னிக்கும் ஒத்த கருத்து இல்ல, பட்டாசுங்கறாங்க, பொம்பளைங்க அலறினதுங்கறாங்க, வேணும்னே யாரோ பண்ணதுங்கறாங்க. ஒண்ணு உறுதி, அங்க எந்தக் கலகத் தலைவனும் மைக் புடிச்சு பேசல. பல நாளா வெளியூர்ல இருந்த கோபமும் அதுக்குக் காரணம் தான், அந்த ஒரு சத்தமே ஆட்சியக் கவுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த இடத்துல நின்னவன் 'ஓ, இவனும் நம்ம மாதிரி தானா'ன்னு கண்டுபிடிச்சது பக்கத்து ஆள் குரலக் கேட்டு.

சரி, இத நாவல்ல பேச்சா எப்படிக் கொண்டு வர்றது? நான் எல்லாருக்கும் திரும்பத் திரும்பக் காட்டறது ஆர்வெல்லோட 'விலங்குப் பண்ணை' முதல் அத்தியாயம், 1945ல வந்தது. கிழட்டுப் பன்னி ஓல்ட் மேஜர் ராத்திரி கொட்டாரத்துல மத்த மிருகங்களுக்குப் பேசுது. அது தத்துவமும் பேசுது தான், ஆனா கவனிச்சுப் பாருங்க, பேச்சு சூடு புடிக்கற இடம் தத்துவத்துல இல்ல. எதிர்ல இருக்கற மாடுங்களப் பாத்து, போன வருஷம் எத்தன கேலன் பால் குடுத்தீங்க, அது கன்னுக்குட்டிக்குப் போகாம எங்க போச்சுன்னு கேக்குது. கோழிங்களப் பாத்து, எத்தன முட்டை போட்டீங்க, அதுல எத்தன குஞ்சு பொரிச்சுதுன்னு கேக்குது. குளோவர்ங்கற குதிரையப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ பெத்த நாலு குட்டி எங்கன்னு கேக்குது, ஒவ்வொண்ணும் ஒரு வயசுலயே வித்தாச்சு. பாக்ஸர்ங்கற குதிரைகிட்ட, உன் உடம்புல தெம்பு போற அன்னிக்கே உன்ன அடிமாட்டுக்கு விக்கற மாதிரி வித்துடுவான்ங்குது.

இதுல மேஜர் புதுசா ஒரு தகவலும் சொல்லலங்கறத கவனிங்க. பால் கணக்கு மாட்டுக்குத் தெரியும், குட்டி போனது குளோவருக்குத் தெரியும். ஆனா மாட்டோட கணக்க கோழி கேக்குது, கோழியோட கணக்க குதிரை கேக்குது, அவ்வளவு தான் அங்க நடக்கறது. அதுக்கப்புறம் பேச்ச நடுவுல நிறுத்தி ஒரு ஓட்டெடுப்பு வேற வருது, எலிங்க நம்ம தோழர்களா இல்லையான்னு. நாய்ங்க எலியத் துரத்தினதுல வந்த சச்சரவு அது. எதிர்த்து விழுந்தது நாலே ஓட்டு, மூணு நாய், ஒரு பூனை, அந்தப் பூனை ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டதுன்னு அப்புறம் தெரிய வருது. சிரிப்பா இருக்கும் படிக்கறப்போ, ஆனா அந்த இடத்துல கூட்டம் முதல் தடவையா ஒருத்தர் கைய ஒருத்தர் பாக்குது. கடைசியில பாட்டு, அத அஞ்சு தடவ சேந்து பாடறாங்க. ஆக பேச்சு முழுக்க மேஜர் பேசல, கூட்டத்த ஏதாவது செய்ய வச்சுக்கிட்டே இருக்கு.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் பாத்துடுங்க, உங்க டிராஃப்ட் இப்ப நிக்கற இடம் இது தான். ஹக்ஸ்லியோட 'பிரேவ் நியூ வேர்ல்ட்', 1932. அதுல ஜான்ங்கற இளைஞன், அம்மா செத்த கையோட ஆஸ்பத்திரி வாசலுக்கு வர்றான். அங்க ரெண்டே ரெண்டு அச்சுல வார்த்த இரட்டையரா 162 கூலித் தொழிலாளிங்க, கவலைய மறக்கடிக்க அன்னன்னிக்குக் குடுக்கற சோமா மாத்திரைக்கு கியூவுல நிக்கறாங்க. இவன் அது விஷம், சாப்டாதீங்க, உங்களுக்கு விடுதலை கொண்டு வந்திருக்கேன்னு கத்தறான். யாருக்கும் புரியல. கோபம் வந்து நீங்கல்லாம் மனுஷங்களா கொழந்தைங்களான்னு திட்ட ஆரம்பிக்கறான். அப்புறம் மாத்திரை டப்பாவ எல்லாம் அள்ளி ஜன்னல் வழியா வெளிய வீசறான், கூட்டம் அவன் மேலயே பாயுது. ஜான் சொன்ன எதுவும் பொய் இல்ல, உணர்ச்சியிலயும் குறை இல்ல. ஆனா கியூவுல நிக்கறவனுக்கு அந்த நேரத்துல வேண்டியது மாத்திரை, அவன் கையில இருந்து அதப் புடுங்கினவன் எதிரி. ஆதிரனும் உங்க ரெண்டாவது பக்கத்துல "இந்தத் தண்ணீர் நமக்கு வேண்டாம், கொட்டுங்கள்"ங்கறான். வீட்டுல கொழந்தை தாகத்தோட இருக்கறப்போ எந்த அம்மா கொட்டுவா? அந்த வரியப் படிச்சதுமே எனக்கு ஆதிரன் மேல நம்பிக்கை போச்சு, வாசகருக்கும் போயிருக்கும்.

இப்ப உங்க முற்றத்துக்கே வருவோம், ஏன்னா உங்க கதையிலயே அருமையான சரக்கு இருக்கு, நீங்க தான் அதத் தொடாம விட்டுட்டீங்க. ஆதிரன் பம்ப் ஆபரேட்டர், எவ்வளவு தண்ணி வெளிய போகுதுன்னு கணக்கு தெரிஞ்ச ஆளு. முந்நூறு பேர் கையிலயும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம். கார்டுல போட்டிருக்கறது ஒரு குடம், 15 லிட்டர்னு வச்சுக்குங்க. கிடைக்கறது கழுத்துக்குக் கீழ நிக்குது. ஒவ்வொருத்தரும் நமக்கு மட்டும் தான் குறைச்சு ஊத்தறாங்க, போன மாசம் ஏதோ தப்புப் பண்ணிட்டோம், அதுக்குத் தண்டனைன்னு நினைச்சுக்கிட்டு குடத்த முந்தானையால மூடிட்டு வீட்டுக்குப் போறாங்க. இந்த ஒரு விஷயத்த நீங்க சேத்துட்டா போதும், பயம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும். பேச்சும் அங்கயே பொறக்கும். நான் எழுதினா ஏறக்குறைய இப்படிப் போகும்:

"கமலாக்கா, உங்க கார்டுல எத்தன லிட்டர் போட்டிருக்கு?"

அந்தம்மா பதில் சொல்லல. காவலர் பக்கம் பாத்துச்சு.

"சரி, என் கார்டச் சொல்றேன். பதினஞ்சு. இந்தாங்க என் குடம்." மூடியிருந்த துணிய எடுத்துட்டு கீழ வச்சான். "நான் அந்தப் பம்புல பதினோரு வருஷம் நின்னவன். காலையில தொட்டி ரொம்பித் தான் இங்க வருது. என் குடம் மட்டும் ஏன் ரொம்பல?"

யாரும் பேசல. பின்னாடி ஒரு ஆளு குடத்தத் தூக்கிக்கிட்டு மெதுவா கேட்டப் பாத்து நடந்தான்.

"போங்கண்ணே, தப்பில்ல, வீட்ல புள்ளைங்க காத்திருக்கும். இருக்கறவங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. கொட்ட வேண்டாம், கத்த வேண்டாம். குடத்து மேல இருக்கற துணிய மட்டும் எடுங்க."

இவ்வளவு தான் பேச்சு. இதுக்கப்புறம் எழுத வேண்டியது ஆதிரன இல்ல. யார் முதல்ல துணிய எடுக்கறாங்கங்கறது தான் இந்த சீனோட முதுகெலும்பு. ஹீரோவோட கூட்டாளி எடுத்தா செட்டப் மாதிரி இருக்கும், அத வாசகர் உடனே மோப்பம் புடிச்சுடுவாங்க. இழக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாதவன் எடுத்தாலும் பெருசா பிரயோஜனம் இல்ல, அவனுக்கென்ன, அவன் எடுப்பான்னு கூட்டம் விட்டுடும். எல்லாருக்கும் தெரிஞ்ச, வழக்கமா வம்பு தும்புக்குப் போகாத, கார்டு போனா நிஜமாவே கஷ்டப்படற ஆளு எடுக்கணும், நான்னா கமலாக்காவத் தான் எடுக்க வைப்பேன். மூணு பேர் எடுத்ததும் காவலர் நோட்டுப் புத்தகத்துல கார்டு நம்பர் எழுத ஆரம்பிக்கறார்னு வைங்க, அங்க ஒரு நிமிஷம் எல்லாம் நின்னுடும், அந்த நிமிஷத்துக்கு ஒரு முழுப் பாரா குடுங்க, அவசரப்படாதீங்க. முப்பது பேர் ஆனதும் அவருக்கு எழுதிக் கட்டுப்படியாகாது. அதுக்கு மேல பயம் எப்படிக் குறையுதுன்னு நீங்க ஒரு வார்த்தை கூட சொல்ல வேண்டாம், ஒவ்வொரு குடத்துலயும் அதே கழுத்துக்குக் கீழ ஒரே மட்டத்துல தண்ணி நிக்கறத காட்டினா போதும்.

கேட்டப் பாத்து நடந்த அந்த ஆள வெட்டிடாதீங்க. வீதி நாடகம் போடறப்போ பாத்திருக்கேன், விளிம்புல நிக்கறவங்க தான் முதல்ல கழண்டுக்குவாங்க, அவங்களப் பேசறவன் எப்படி அனுப்பறான்ங்கறத வச்சுத் தான் நடுவுல நிக்கறவங்க அவன எடை போடுவாங்க. கோழைன்னு திட்டினா, நாளைக்கு நம்மளயும் திட்டுவான்னு தோணும். போயிட்டு வாங்கன்னு சொன்னா, பரவால்ல, இங்க நிக்கறது என் இஷ்டத்துல தான் நிக்கறேன்னு ஒரு தெம்பு வரும். ஜான் சறுக்கினதும் இந்த இடத்துல தான்.

நீளத்தப் பத்தி. மூணு பக்கத்த வாய்விட்டுப் படிச்சு மொபைல்ல டைமர் வச்சுப் பாருங்க. தமிழ்ல ஆயிரம் சொல்லு நிதானமா பேசினா பத்து நிமிஷம் பக்கத்துல ஆகும். ஆயுதம் வச்சிருக்கற காவலர் பத்து நிமிஷம் கைகட்டிக் கேட்டுட்டு நிப்பாரா? மேஜருக்கு அவ்வளவு நேரம் கிடைச்சதுக்குக் காரணம் இருக்கு, பண்ணைக்காரன் ஜோன்ஸ் குடிச்சுட்டுத் தூங்கறான். பாட்டுச் சத்தத்துல முழிச்சு இருட்டுல துப்பாக்கியால சுட்டதும் எல்லாம் ஓடிப் போய்ப் படுத்துக்குதுங்க, மீட்டிங் ஓவர். உங்களுக்கும் அப்படி ஒரு காரணம் வேணும். ஷிஃப்ட் மாறற நேரம், பெரிய அதிகாரி வர்ற வரைக்கும் ஒரே ஒரு காவலர் தான்னு ஏதாவது. இல்லன்னா பேச்சு ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. பெரிய பேச்சு தான் வேணும்னா முற்றத்துல வேண்டாம், ராத்திரி பம்ப் ரூமுக்குள்ள இருபது பேர்கிட்ட வைங்க, அது வேற மாதிரி சீன், அதுலயும் நல்லா வரும்.

அடுத்தது மொழி. நம்ம ஊர்ல இது ஒரு தனி வியாதி. மேடைன்னாலே அடுக்குமொழிங்கறது திராவிட இயக்க மேடைகள்ல இருந்து நம்ம காதுல ஊறிப் போனது, அது ஒரு பெரிய கலை, நான் ரசிச்சுக் கேக்கறவன் தான். ஆனா அத ரசிக்கறதுக்கு கேக்கறவன் மனசு லேசா இருக்கணும், அடுத்த எதுகை எங்க விழும்னு காத்திருக்கணும். பயத்துல இருக்கறவனுக்கு அந்த நிதானம் கிடையாது. அது போக, அத்தியாயம் முழுக்க "என்னடா பண்றது"ன்னு பேசிட்டு வந்த ஆதிரன், முற்றத்துக்கு வந்ததும் "உடைத்தெறிவோம்"னா யாரோ எழுதிக் குடுத்தது மாதிரி ஆயிடுது. கூட்டத்துல நிக்கற ஆளுக்கு, மேடையில இருந்து ஒருத்தன் "எழுந்திரு"ன்னு சொல்றதுக்கும், அடுத்த தெரு பையன் "அக்கா"ன்னு கூப்பிட்டுக் கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. தோழர்களேங்கறது யாரையும் குறிக்காது, கமலாக்காங்கறது ஒருத்தரையாவது குறிக்கும்.

இதுவரைக்கும் சொன்னதுல எனக்கு ஓரளவு உறுதி இருக்கு. இனிமே சொல்றது என் அபிப்ராயம், வேற எடிட்டர் மாத்திச் சொல்லலாம். பேச்சு முடிஞ்ச கையோட புரட்சி வெடிக்க வேண்டாம்னு நான் நினைக்கறேன். மேஜரே இது எப்ப நடக்கும்னு தெரியாது, ஒரு வாரத்துலயும் வரலாம், நூறு வருஷமும் ஆகலாம்ங்குது. பேசின மூணாம் ராத்திரி அது செத்துப் போகுது, அது மார்ச். கலகம் வெடிக்கறது ஜூன்ல. அதுவும் பேச்ச நினைச்சு யாரும் கிளம்பல. ஜோன்ஸ் குடிச்சுட்டு வந்து தீனி போட மறந்துடறான், பசி தாங்காம ஒரு மாடு கொம்பால கிடங்குக் கதவ உடைக்குது, ஆளுங்க சாட்டையோட வர்றாங்க, அங்க திருப்பிப் பாயுதுங்க. பேச்சு இல்லாம பசி மட்டும் இருந்திருந்தா அன்னிக்கு ஒரு திருட்டோட முடிஞ்சிருக்கும், எனக்கு அப்படித் தான் தோணுது, ஆனா ஆர்வெல் அத நிரூபிக்கல, நாம எடுத்துக்கறது தான். உங்க கதையில அன்னிக்கு நடக்கறது துணிய எடுக்கறதோட நிக்கட்டும். மறுநாள் நோட்டுல ஏறின முப்பது கார்டையும் ரத்து பண்றாங்க, அப்ப மிச்சம் 270 பேர் என்ன பண்றாங்கங்கறது அடுத்த அத்தியாயத்துக்கு நல்ல கேள்வி. அதுல பாதிப் பேர் ஆதிரனத் திட்டணும், தயவுசெஞ்சு திட்ட விடுங்க.

இன்னொண்ணும் சந்தேகமா தான் சொல்றேன், உங்க பிளாட் எனக்கு முழுசா தெரியாது. ஆதிரன் பின்னாடி அதிகாரத்துக்கு வர்றான்னா, இந்தப் பேச்சுல அவன் மேலயே பின்னாடி திரும்பி வந்து விழற மாதிரி ஒரு வாக்கு இருக்கட்டும். வீட்டுக்குள்ள வாழாதீங்க, கட்டில்ல படுக்காதீங்க, குடிக்காதீங்கன்னு மேஜர் சொன்னதெல்லாம், பின்னாடி அதிகாரத்துக்கு வந்த பன்னிங்களே ஒவ்வொண்ணா மீறுது, மிச்ச நாவல் ஓடறதே அந்தக் கணக்குல தான். ஆதிரன் "இனி தொட்டி சாவி யார் ஒருத்தன் கையிலயும் இருக்காது"ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போகட்டும், அழுத்திச் சொல்ல வேண்டாம்.

கடைசியா அந்த "அடிமைச் சங்கிலி" வரி. விட மனசு வராதுன்னு தெரியும், ஓசை நல்லா இருக்கு. அத ஸ்பீக்கர்ல அரசாங்கத்துக்குக் குடுத்துடுங்க. ஹக்ஸ்லி நாவல்ல கலாட்டாவ அடக்க போலீஸ் சோமாவப் புகையாவே அடிக்கறாங்க, கூடவே ஒரு பெட்டியில இருந்து பதிவு பண்ண குரல் ஓடுது, நண்பர்களே, ஏன் இப்படி, எல்லாரும் சந்தோஷமா நல்லவங்களா இருக்கக் கூடாதான்னு, கெஞ்சற மாதிரி. ரெண்டு நிமிஷத்துல கூட்டம் அழுது கட்டிப்புடிச்சுக்குது. அந்தப் பதிவுக்கு அங்க நம்பர் போட்டு 'மீடியம் ஸ்ட்ரென்த்'னு பேர் வேற வச்சிருக்கான், அந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் புடிக்கும். உங்க முற்றத்து கம்பத்துலயும் ஸ்பீக்கர் இருக்கு தானே, மூணாம் அத்தியாயத்துல எழுதியிருக்கீங்க. ஆதிரன் கமலாக்காகிட்ட லிட்டர் கணக்கு கேட்டுட்டிருக்கறப்போ அதுல "தாகம் என்னும் அடிமைச் சங்கிலியை உடைத்தெறிந்த நமது அரசு"ன்னு செந்தமிழ்ல ஓடிட்டே இருக்கட்டும்.